ரெண்டாவது மேட்சில் ஏன் இழுக்குது?

"18,000 ரூபாய் போன். மேலப்பாளையத்துல மாடி ரூம். BGMI முதல் மேட்ச் எண்ணெய் போட்ட மாதிரி போகுது, ரெண்டாவது மேட்ச் பாதியில இழுக்க ஆரம்பிச்சிடுது. போன் சுடுது, சார்ஜும் மளமளன்னு இறங்குது. கிராபிக்ஸ் ஏற்கெனவே Smooth-லதான் வச்சிருக்கேன். இன்னும் எதைத்தான் குறைக்க?"

ஃபிரேம் ரேட்டைக் குறையுங்கள். Smooth என்று நீங்கள் குறைத்தது படத்தின் அலங்காரத்தை. போனைச் சுட வைப்பது பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கிற Frame Rate வரிதான். Smooth வைக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதோடு சேர்த்து Extreme-ஐயும் வைப்பார்கள், நீங்களும் அப்படித்தான் வைத்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

ஏழு வருஷம் ஒரு கேம் கம்பெனியில் இதுதான் எனக்கு வேலை. சாதாரண விலைப் போன்களை வரிசையாக மேஜையில் வைத்து, எது எத்தனாவது நிமிஷத்தில் திணறுகிறது என்று குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது அம்பாசமுத்திரத்தில் வீட்டோடு இருந்து வேலை பார்க்கிறேன். அந்த மேஜை ஏசி அறையில் இருந்தது, இங்கே இல்லை. அந்த வித்தியாசமே எனக்குப் பாதிப் பாடம். அதைப் பிறகு சொல்கிறேன்.

போன் ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதுதான் ஃபிரேம் ரேட். BGMI-யில் High என்றால் 30, Ultra என்றால் 40, Extreme என்றால் 60. Smooth, Balanced, HD என்பவை ஒவ்வொரு படத்தையும் எவ்வளவு நுணுக்கமாக வரைவது என்பதைச் சொல்கின்றன. ஒரு புரோட்டா மாஸ்டரிடம் "புரோட்டாவைச் சின்னதாகப் போடுங்க, ஆனா நிமிஷத்துக்கு ரெண்டு மடங்கு போடுங்க" என்று சொன்னால் அவருக்கு வேர்வை குறையுமா? Smooth-உம் Extreme-உம் சேர்ந்தால் நடப்பது அதுதான்.

இதில் இன்னொரு முடிச்சு உண்டு. 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லி நொடிக்குள் முடித்தாக வேண்டும். 30 என்றால் 33.3 மில்லி நொடி அவகாசம். அவகாசம் குறையும்போது சிப் தன் ஓட்ட வேகத்தைக் கூட்டும். வேகம் கூட வேண்டுமென்றால் அதற்குக் கொடுக்கிற வோல்டேஜும் கூட வேண்டும். மின்சாரச் செலவோ வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிற சங்கதி. சைக்கிளில் இரண்டு மடங்கு வேகம் போக இரண்டு மடங்கு மூச்சு போதாதல்லவா, அதே கதைதான். அதனால்தான் ஃபிரேம் ரேட்டை ஒரு படி இறக்கினால் சூடு ஒரு படிக்கு மேலே இறங்குகிறது. கிராபிக்ஸை மட்டும் இறக்கி ஃபிரேம் வரம்பை உயரத்தில் விட்டுவிட்டால், மிச்சமான சக்தியையும் சிப் கூடுதல் படங்கள் வரையவே செலவழித்துவிடும். வரம்பு ஒன்று இருந்தால்தான் அது வேலையை முடித்துவிட்டு அடுத்த படம் வரைக்கும் சும்மா இருக்கும். போன் ஆறுவது அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான்.

சூடும் சார்ஜும் வேறு வேறு பிரச்சினை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். பேட்டரியிலிருந்து போகிற சக்தி, திரையின் வெளிச்சமாகவும் ரேடியோ அலையாகவும் போகிற கொஞ்சத்தைத் தவிர, எல்லாம் போனுக்குள்ளேயே சூடாகத்தான் முடிகிறது. ஆகவே சார்ஜ் இறங்குகிற வேகத்தைப் பார்த்தாலே எவ்வளவு சூடு உண்டாகிறது என்று கணக்குப் போடலாம். 5000 எம்ஏஎச் பேட்டரி என்றால் மொத்தம் சுமார் 19 வாட் மணி. ஒரு மணி நேரத்தில் 20 சதவீதம் இறங்கினால் ஏறக்குறைய 3.9 வாட். விசிறி இல்லாத, உள்ளங்கை அளவுக் கண்ணாடிப் பெட்டி நீண்ட நேரம் சகித்துக்கொள்வது மூன்று, நான்கு வாட் வரைக்கும்தான். அதற்கு மேலே போனால் சூடு உள்ளே தேங்கும். ஒரு கட்டத்தில் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சிப்பின் வேகத்தைப் பிடித்து இறக்கிவிடும். உங்கள் முதல் மேட்ச் ஓடியது தேங்குவதற்கு இடம் இருந்ததால். ரெண்டாவது மேட்ச் பாதியில் தொட்டி நிரம்பிவிட்டது.

இப்போது ஏசி மேஜைக்கு வருகிறேன். போன் தன் சூட்டை வெளியே தள்ளுவது சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால். முதுகுப்பக்கம் 43 டிகிரி வரை போகலாம் என்று வைத்துக்கொள்வோம். 27 டிகிரி ஏசி அறையில் 16 டிகிரி வித்தியாசம் கிடைக்கும். வெளியே 38, 39 அடிக்கிற கத்திரி வெயில் காலத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற ரூம் மத்தியானம் சர்வசாதாரணமாக 35-ஐத் தொடும். அப்போது வித்தியாசம் 8 டிகிரிதான். வெளியே போகிற சூடு தோராயமாக அந்த வித்தியாசத்தைப் பொறுத்தது என்பதால், அதே போன் அங்கே தாங்கிய வாட்டில் பாதியைத்தான் உங்கள் ரூமில் தாங்கும். யூடியூபில் "இந்தப் போனில் 60 ஃபிரேம் ஒரு மணி நேரம் அசையவில்லை" என்று காட்டுகிறவர் பொய் சொல்லவில்லை. அவர் ஏசியில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். போன மே மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும்.

அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். அவன் போனும் உங்கள் விலைக்குப் பக்கம்தான், 5000 எம்ஏஎச், 120 ஹெர்ட்ஸ் திரை. "மாமா, போன் சுடுதுல்லா, கையில பிடிக்க முடியல. கடையில குடுத்து மாத்திருவோமா?" என்றான். மாற்றுவதற்கு முன்னால் அளந்து பார்ப்போம் என்று, மாடி ரூமில் மத்தியானம் மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். சுவரில் தொங்கிய தெர்மாமீட்டர் 35 காட்டியது. ஒவ்வொரு தடவையும் சார்ஜ் 80 சதவீதத்தில் ஆரம்பித்து சரியாக அரை மணி நேரம், ஒரே எராங்கெல் மேப், வீட்டு வைஃபை. 100-இலிருந்து ஆரம்பித்தால் அளவு ஏமாற்றும், மேல் முனையில் சதவீதக் கணக்கு மெதுவாக இறங்குகிற போன்கள் நிறைய.

முதல் தடவை அவன் எப்போதும் வைத்திருப்பது போலவே: Smooth, Extreme, வெளிச்சம் முழுசு, தடித்த ரப்பர் கவர். அரை மணியில் 12 சதவீதம் போயிற்று, அதாவது சுமார் 4.6 வாட். பதினாலாவது நிமிஷத்தில் 60 என்று நின்ற எண் 48-க்கும் 55-க்கும் நடுவில் ஆட ஆரம்பித்தது. முடிந்தபோது பேட்டரி 43.8 டிகிரி.

போன் ஆறியபிறகு ரெண்டாவது தடவை. கிராபிக்ஸை HD-க்கு ஏற்றிவிட்டு ஃபிரேம் ரேட்டை High-க்கு, அதாவது 30-க்கு, இறக்கினேன். கவர், வெளிச்சம் எதையும் தொடவில்லை. "ஏத்துறீங்களே மாமா!" என்று பதறினான். அரை மணியில் 8 சதவீதம், 3.1 வாட், பேட்டரி 40 டிகிரி, 30 என்ற எண் கடைசி வரை அசையவில்லை. நான் காட்ட நினைத்தது இதுதான்: படம் அழகாகவும் போன் குளிர்ச்சியாகவும் ஒரே நேரத்தில் ஆயிற்று. ஆனால் அவனுக்குப் பிடிக்கவில்லை. 60 பழகிய கைக்கு 30 சேற்றில் நடப்பது போல இருக்கிறது, எதிரியைக் குறிவைக்கும்போது விரலுக்கும் திரைக்கும் நடுவில் ஒரு தாமதம் தெரிகிறது. அவன் சொன்னது நியாயம்தான்.

மூன்றாவது தடவை சமரசம். Smooth, Extreme, ஆனால் Shadows, Anti-aliasing இரண்டும் அணைப்பு, வெளிச்சம் பாதி, கவர் கழற்றியாயிற்று, போன் செட்டிங்கில் திரையை 60 ஹெர்ட்ஸில் பூட்டினோம். 10 சதவீதம், 3.9 வாட், 41.5 டிகிரி. இருபத்துநாலாவது நிமிஷம் வரை 60 நின்றது, பிறகு லேசாகச் சரிந்தது. அதே அமைப்பில் டேபிள் ஃபேனை முதுகுப்பக்கம் அடிக்க விட்டபோது அரை மணியும் சரியவே இல்லை. செலவு அதே 10 சதவீதம்தான். ஃபேன் சூட்டைக் குறைக்கவில்லை, வெளியே எடுத்துப் போயிற்று. கடைசியில் அவன் முடிவு: பகலில் 30, ஏழு மணிக்கு மேல் ஃபேனோடு 60. ஜூலையில் குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தபோது தென்காசியிலிருந்து கூப்பிட்டு, "ஃபேனே வேண்டாம் மாமா, நிக்குது" என்றான்.

இந்த எண்கள் அந்த ஒரு போனுக்கும் அந்த ஒரு மத்தியானத்துக்கும் உரியவை. உங்கள் போனில் வேறு எண் வரும். வழி மட்டும் அதேதான்: ஒரே சார்ஜ் அளவில் ஆரம்பித்து, அரை மணி ஆடிப் பாருங்கள். நாங்கள் ஒரே தடவையில் பலதை மாற்றினோம், நீங்கள் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியும். முதல் ஐந்து நிமிஷத்தை நம்பவே வேண்டாம், அது தொட்டி காலியாக இருக்கிற நேரம். கடைசிப் பத்து நிமிஷத்தில் எண் எங்கே நிற்கிறது என்பதுதான் உங்கள் போனின் உண்மையான தரம். ஃபிரேம் எண்ணை உங்கள் போனில் கேமுக்கென்று இருக்கிற பக்கப் பலகையில் பார்க்கலாம். டெவலப்பர் ஆப்ஷனில் இருக்கிற Show refresh rate அதைக் காட்டாது. அது திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கிறது என்று சொல்வது, கேம் எத்தனை வரைந்தது என்றல்ல. இதில் ஏமாந்து "எனக்கு 120 வருதே" என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேட்டரி சூட்டை அறிய, கம்ப்யூட்டர் இருந்தால், அதில் adb என்ற ஆண்ட்ராய்டு கருவியை நிறுவி, போனில் USB debugging-ஐப் போட்டுக்கொண்டு, மேட்ச் முடிந்த கையோடு கேபிளைச் செருகி இதை அடியுங்கள்:

```
adb shell dumpsys battery
```

அதில் temperature என்ற வரியில் 438 என்று வந்தால் 43.8 டிகிரி. இது பேட்டரியின் சூடு. சிப் இதைவிட நிறையவே சுடும், அதை இதில் தேடாதீர்கள்.

30 பிடிக்கவில்லை, 60 தாங்கவில்லை என்றால் நடுவில் 40 வைக்கலாமே என்று தோன்றும். இங்கே திரையைக் கவனிக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி நொடிக்கு ஒரு தடவைதான் புதுப் படத்தை ஏற்கும். 40 ஃபிரேமுக்கு ஒவ்வொரு படமும் 25 மில்லி நொடி நிற்க வேண்டும், அது 16.7-இல் அடங்காது. அதனால் ஒரு படம் 16.7, அடுத்தது 33.3 என்று நொண்டி நொண்டிப் போகும். கேமராவைச் சுழற்றும்போது தெரிகிற அந்த மெல்லிய அதிர்வைப் பார்த்துவிட்டு "40 வச்சும் இழுக்குது" என்பார்கள். எண் சரியாக 40-இல்தான் நிற்கும். 120 ஹெர்ட்ஸில் ஓடும்போது 25 மில்லி நொடி என்பது சரியாக மூன்று புதுப்பிப்பு, அங்கே 40 அழகாகப் போகும். ஆனால் கேம் திறந்தவுடன் திரையைத் தானாகவே 60-க்கு இறக்கிவிடுகிற போன்கள் உண்டு. மேலே சொன்ன Show refresh rate-க்கு உருப்படியான பயன் இதுதான்: கேமுக்குள் இருக்கும்போது அது 120 காட்டினால் 40-ஐ முயன்று பாருங்கள். 60 காட்டினால் 30 அல்லது 60, நடுவில் வேண்டாம்.

ஃபிரேம் ரேட்டை முடிவு செய்தபிறகு மற்றவற்றுக்கு வாருங்கள். Shadows முதலில் அணைய வேண்டும். நிழல் என்பது வெளிச்சம் விழுகிற பக்கத்திலிருந்து அதே காட்சியை இன்னொரு தடவை வரைகிற வேலை. அடுத்தது Anti-aliasing, ஓரங்களின் படிக்கட்டை மழுப்புவது. சின்னத் திரையில் அது இல்லாதது ரெண்டு நாளில் மறந்துவிடும். Colorful, Realistic போன்ற நிற ஸ்டைலை எதற்கு மாற்றினாலும் சூட்டில் பெரிய வித்தியாசம் வராது, கண்ணுக்குப் பிடித்ததை வையுங்கள். வேறு கேம்களில் Render Resolution போன்ற வரி இருந்தால், நிழலுக்கும் முன்னால் அதைத்தான் தொட வேண்டும். நீளம் அகலம் இரண்டையும் பத்தில் எட்டாக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் 64 சதவீதம் ஆகிவிடும். டெக்ஸ்சர் தரம் பெரும்பாலும் நினைவக இடத்தைத்தான் பிடிக்கும். அதைக் குறைத்தால் ரேம் குறைந்த போனில் திடீர்த் திக்கல் குறையலாம், சூடு பெரிதாகக் குறையாது. திரை வெளிச்சம் கேம் செட்டிங்கில் இல்லாததால் எல்லோரும் மறக்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து முழு வெளிச்சத்தில் ஆடுவதற்குப் பதில் உள்பக்கம் நகர்ந்து பாதியில் ஆடினாலே வித்தியாசம் தெரியும்.

போனின் கேம் பலகையில் பெர்ஃபார்மன்ஸ் மோட் என்று ஒன்று இருக்கும். அது சிப்பை வேகத்திலேயே பிடித்து வைத்து, தொட்டியைச் சீக்கிரம் நிரப்பும். உங்கள் ரூமுக்கு பேலன்ஸ்டு போதும். டெவலப்பர் ஆப்ஷனில் Disable HW overlays-ஐப் போடு, Force 4x MSAA-வைப் போடு என்று சொல்கிற வீடியோக்களை விட்டுவிடுங்கள். முதலாவது, திரையில் தெரிகிற அடுக்குகளை ஒட்டிச் சேர்க்கிற வேலையையும், படம் வரைகிற ஜிபியு தலையில் தூக்கி வைக்கிறது. ரெண்டாவது, அது ஏற்கிற கேம்களில் ஓரங்களை மழுப்ப நாலு மடங்கு மாதிரி எடுக்கச் சொல்கிறது. இரண்டுமே நீங்கள் கேட்பதற்கு நேர் எதிர். கேம் ஃபைலை மாற்றுகிற ஆப்களால் அக்கவுண்ட் தடைபடும் ஆபத்து உண்டு.

சார்ஜ் போட்டுக்கொண்டு ஆடுவதைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை, ஆனால் ரெண்டாவது மேட்சுக்கு முன்னால் செருகுகிற வழக்கம் இருந்தால் அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியும் சார்ஜிங் சிப்பும் தம் பங்குக்குச் சுடும். சூட்டில் சார்ஜ் ஏற்றினால் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். மேட்சுக்கு நடுவில் கவரைக் கழற்றிக் கால் மணி நேரம் ஃபேனடியில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் பூக்கும்.

30-இல் வைத்தும் இழுக்கிறது என்றால், அல்லது நீங்கள் முதலிலேயே 30-இல்தான் ஆடுகிறீர்கள் என்றால், அது கிராபிக்ஸ் விஷயமே இல்லாமல் இருக்கலாம். கேமராவை மட்டும் சுழற்றிப் பாருங்கள். உலகம் சீராகச் சுழன்று, ஆட்கள் மட்டும் ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தோன்றினால் அது நெட்வொர்க். கேமில் காட்டுகிற பிங் எண்ணும் அப்போது ஏறியிருக்கும். சிக்னல் பலவீனமான இடத்தில் மொபைல் டேட்டாவில் ஆடும்போது போன் டவரை எட்ட அதிக சக்தியில் கத்த வேண்டியிருப்பதால் சூடும் கூடவே வரும், அங்கே வைஃபைதான் மருந்து. போன் ஆறியிருக்கும்போதே, பாராசூட்டில் பத்துப் பேரோடு ஒரே ஊரில் இறங்குகிற நேரத்தில் மட்டும் தடுமாறினால் அது ஜிபியு வேலை இல்லை. ஆட்கள், கட்டிடங்கள் கணக்கை ஓட்டுகிற பிராசசருக்கு மூச்சு முட்டுகிறது. கிராபிக்ஸை எவ்வளவு இறக்கினாலும் அது கொஞ்சம்தான் மாறும், கூட்டமில்லாத இடத்தில் இறங்குவதைத் தவிர வழியில்லை.

ஒன்றுமே ஆடாமல், வாட்ஸ்அப் பார்க்கும்போதும் சுட்டாலோ, 20 சதவீதத்தில் திடீரென்று அணைந்தாலோ, முதுகு மூடி எந்த ஓரத்திலாவது தூக்கிக்கொண்டு தெரிந்தாலோ, செட்டிங்கை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். கடைசியாகச் சொன்னது பேட்டரி உப்பியதன் அடையாளம். அப்போது ஆடவும் வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம், அழுத்தியும் பார்க்க வேண்டாம். அணைத்து சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போங்கள். மற்றபடி இன்றைக்கு ராத்திரி 80 சதவீதத்தில் ஆரம்பித்து அரை மணி ஆடி, எத்தனை சதவீதம் இறங்கியது, கடைசிப் பத்து நிமிஷம் எண் எங்கே நின்றது என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.